தட்டில் 210 கிராம், நோட்டில் 166 கிராம்: அப்பாவின் இரவுச் சாப்பாட்டுக் கணக்கு

அப்பாவுக்கு 71 வயது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்து 19 வருடம் ஆகிறது. பல வருடம் மாத்திரையிலேயே ஓடியது. இப்போது காலையில் நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் ஓர் ஊசி, இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் 8 யூனிட். அந்த 8 மாறுவதே இல்லை. தட்டில் என்ன இருந்தாலும் 8 தான்.

ஆனால் படுக்கப் போகும்போது பார்க்கும் சர்க்கரை அளவு மட்டும் ஒருநாள் போல ஒருநாள் இருக்காது. 78 இருக்கும், 160 இருக்கும், 240 இருக்கும். இந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனபோது மருத்துவர் ஊசி அளவைத் தொட மறுத்துவிட்டார். கூட்டினால் 78 இருக்கும் இரவில் தூக்கத்திலேயே தாழ்ந்துவிடும், குறைத்தால் 240 இன்னும் ஏறும். இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார். மாவுச்சத்து என்று நான் எழுதுவது கார்போஹைட்ரேட்டைத்தான். சோறு, ரொட்டி, கிழங்கு, பருப்பு, பழம், பால், சர்க்கரை எல்லாவற்றிலும் இருப்பது அது. சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரையை முதலில் ஏற்றுவதும் அதுதான்.

நான் வேறு ஊரில் இருக்கிறேன். அதனால் அப்பாவுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். அது சரிப்படவில்லை. இரண்டாவது எழுதினேன், அது ஆபத்தாகவே முடிந்திருக்கும். மூன்றாவதுதான் நின்றது. மூன்றையும் இங்கே எழுதக் காரணம், முதல் இரண்டும் படிக்கும்போது சரியாகத்தான் தெரிந்தன. என்ன தப்பு என்பது அப்பாவின் நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

முதல் குறிப்பு: தினமும் 45

முதலில் நான் அனுப்பியது ஒரு பக்க அட்டவணை. நாற்பது உணவுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாவுச்சத்து. "ஒரு கப் சோறு 45 கிராம்" என்பது அதில் முதல் வரி. ஒரு வாரம் கழித்து நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஏழு இரவும் 45 என்று எழுதியிருந்தது. அப்பா பொய் எழுதுகிற ஆள் இல்லை. முப்பது வருடம் கணக்குப் புத்தகம் எழுதியவர். தினமும் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டார், தாளில் ஒரு கப்புக்கு 45 என்று இருந்தது, எழுதினார்.

அந்த அட்டவணையின் கப் 240 மில்லி லிட்டர் அளவு. அதில் தட்டையாக நிரப்பினால் வெந்த சோறு 160 கிராம் போல இருக்கும். அம்மா பரிமாறும் கிண்ணத்தைக் கூம்பாக நிரப்பி எடை போட்டுப் பார்க்கச் சொன்னேன். 270 கிராம். அதாவது 45 என்று எழுதிய இடத்தில் உண்மையில் 75 இருந்திருக்கிறது, சோற்றில் மட்டும். பருப்பு கணக்கில் வரவே இல்லை. குழம்பில் கிடந்த உருளைக்கிழங்கும் வரவில்லை. அந்த நாற்பது வரிகளில் அதெல்லாம் எங்கே இருக்கிறது என்று தேடிக் களைத்துப் போய் விட்டுவிட்டார்.

ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது அளந்த எண் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். உண்மையாக அளந்த நோட்டில் 58, 63, 51 என்று சில்லறையாகத்தான் வரும்.

இரண்டாவது குறிப்பு: 166

கப்பை விட்டுவிட்டு ஒரு சின்ன டிஜிட்டல் எடை மெஷின் வாங்கிக் கொடுத்தேன். "சோற்றை எடை போடுங்கள். 100 கிராமில் எவ்வளவு மாவுச்சத்து என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். அதைக்கொண்டு கணக்குப் போடுங்கள்" என்று எழுதினேன். இரண்டே வரி. எளிமையாக எழுதிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரவு அப்பா போன் செய்தார்.

"தம்பி, 166 வருதுப்பா. இவ்வளவா நான் சாப்பிடறேன்?"

தட்டில் இருந்த சோறு 210 கிராம். பாக்கெட்டில் 100 கிராமுக்கு 79 என்று அச்சாகியிருந்தது. 210 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 166. கூட்டல் பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பாக்கெட்டில் இருக்கும் எண் அரிசிக்கு உரியது, சோற்றுக்கு இல்லை. அரிசி வேகும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடைக்கு வந்துவிடுகிறது. வந்து சேர்ந்த தண்ணீரில் மாவுச்சத்து இல்லை. அதனால் 100 கிராம் வெந்த சோற்றில் சுமார் 28 கிராம்தான் இருக்கும். அன்றைக்கு அப்பா சாப்பிட்ட சோற்றில் இருந்தது 59 கிராம்.

அன்று ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவருடைய ஊசி நிலையான 8 யூனிட். எண்ணைப் பார்த்து ஊசி போடும் ஒருவராக இருந்திருந்தால்? 10 கிராமுக்கு ஒரு யூனிட் என்று மருத்துவர் சொல்லியிருக்கிற ஒருவர் 59க்கு 6 யூனிட் போடுவார், 166க்கு 16 யூனிட்டுக்கு மேல் போடுவார். தேவைக்கு மேல் பத்து யூனிட் வேக இன்சுலின் போட்டுக்கொண்டு ஒரு வயதானவர் தூங்கப் போவதை நினைத்தாலே எனக்கு இன்னமும் பயமாக இருக்கிறது. அந்த இரண்டு வரிகளை எழுதியது நான்தான். "வெந்த" என்ற ஒரு சொல்லை விட்டிருந்தேன்.

இதே தவறு வேறு உருவத்திலும் வரும். சோறு 210 கிராம் என்பதைப் பார்த்துவிட்டு மாவுச்சத்து 210 என்றே எழுதிவிடுபவர்கள் உண்டு. இரண்டுக்கும் கிராம் என்றே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் அது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஈரமான, வெந்த உணவு எதிலும் மாவுச்சத்து அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. தாண்டினால் கணக்கை நிறுத்திவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நம் பானைக்கு உரிய எண்

100க்கு 28 என்பது பொதுவான எண். சிலர் சோற்றைக் குழைய வைப்பார்கள், சிலர் உதிரியாக. தண்ணீர் கூடினால் எண் குறையும். அப்பாவுக்குப் பொது எண் போதாது, நம் வீட்டு எண்தான் வேண்டும் என்று நினைத்தேன். அவர் கணக்குப் பிள்ளை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணை அவர் நம்பவும் மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டே அம்மாவும் அப்பாவும் சேர்ந்து செய்தார்கள். காலிப் பாத்திரத்தை முதலில் எடை போட்டார்கள், 840 கிராம். அரிசி 200 கிராம். பாக்கெட் கணக்குப்படி அதில் மாவுச்சத்து 158. வழக்கம்போலச் சமைத்து, தண்ணீர் முழுதும் இழுத்த பிறகு பாத்திரத்தோடு எடை போட்டால் 1,400. பாத்திரத்தைக் கழித்தால் சோறு 560 கிராம். 560 கிராம் சோற்றில் 158 கிராம் மாவுச்சத்து, அப்படியானால் 100 கிராமில் 28. பொது எண்ணும் வீட்டு எண்ணும் ஒன்றாகவே வந்தது. தற்செயல்தான், ஆனால் அப்பாவுக்கு அன்றிலிருந்து அந்த 28 மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இந்தச் சோதனை பத்து நிமிட வேலை. சோறு வடித்துக் கஞ்சியைக் கொட்டும் வீட்டில் கொஞ்சம் மாவுச்சத்து கஞ்சியோடு போய்விடும், அங்கே இந்தக் கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

பருப்புக்கு மட்டும் உணவு ஆலோசகரிடம் கேட்க வேண்டியிருந்தது. வெந்த கெட்டிப் பருப்பு 100 கிராமில் மாவுச்சத்து 20 என்று ஒரு பட்டியலில் இருக்கும், 12 என்று இன்னொன்றில் இருக்கும். இரண்டும் சரி. 20 என்பது நார்ச்சத்தையும் சேர்த்தது, 12 அதைக் கழித்தது. நார்ச்சத்து ரத்தச் சர்க்கரையை அப்படி ஏற்றுவதில்லை. பாக்கெட்டிலும் இதே சிக்கல்தான். சில நாடுகளின் லேபிளில் மாவுச்சத்து என்று போட்டிருக்கும் எண்ணுக்குள்ளேயே நார்ச்சத்தும் அடங்கும். ஐரோப்பிய லேபிள்களில் அது வெளியே, தனி வரியில் இருக்கும். அங்கே போய் மறுபடி கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். எங்கள் ஆலோசகர் கழித்த எண்ணையே வைத்துக்கொள்ளச் சொன்னார். கழிக்காமல் எழுதச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதை எடுத்தாலும் எல்லா இரவும் அதையே எடுக்க வேண்டும், அது மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது குறிப்பு

இது இப்போதும் அவர்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. பெரிய எழுத்தில், இரண்டு தாளில். நாற்பது உணவுகளை விட்டுவிட்டு, அவர்கள் இரவில் உண்மையில் சாப்பிடும் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

> அப்பா,
>
> இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் எழுதினால் போதும். மூன்று வேளையும் கேட்டால் மூன்றாம் நாள் நோட்டு மூடிவிடும் என்று எனக்குத் தெரியும். இரவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதற்குப் பிறகு நீங்கள் தூங்கிவிடுவீர்கள். சர்க்கரை தாழ்ந்தால் நடுக்கமோ வியர்வையோ வருவதை யாரும் கவனிக்க முடியாது.
>
> முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு. 70க்குக் கீழே இருந்தால் ஊசி வேண்டாம், எழுதுவதெல்லாம் அப்புறம். அலமாரியில் சின்ன டப்பாவில் 15 கிராம் சர்க்கரை எடை போட்டு வைத்திருக்கிறேன். அதைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் அடுத்த டப்பா. அம்மாவைக் கூப்பிடுங்கள். 70க்கு மேலே வந்த பிறகு, ஊசியை என்ன செய்வது என்று மருத்துவரிடம் போனில் கேளுங்கள்.
>
> எடை மெஷினில் காலித் தட்டை வைத்து ஜீரோ பொத்தானை அழுத்துங்கள். சோறு போட்டதும் எண்ணை எழுதுங்கள். மறுபடி ஜீரோ. பருப்பு ஊற்றுங்கள், எழுதுங்கள். மறுபடி ஜீரோ. இப்படியே கடைசி வரை. எழுதிவிட்டு ஜீரோ அழுத்துங்கள், அழுத்திவிட்டு எழுதாதீர்கள், எண் போய்விடும். நடுவில் மெஷின் தானாக அணைந்துவிட்டால் அந்தத் தட்டைக் கலைக்க வேண்டாம். எதுவரை எழுதினீர்களோ அது சரி, மீண்டும் ஆன் செய்தால் தட்டோடு சேர்த்து அதுவே ஜீரோவாகிவிடும், அதிலிருந்து தொடருங்கள்.
>
> நம் எண்கள், எல்லாம் வெந்த பிறகு, தட்டில் இருக்கும்போது, 100 கிராமுக்கு: சோறு 28. கெட்டிப் பருப்பு 12. வேகவைத்த உருளைக்கிழங்கு 18. பால் 100 மில்லிக்கு 5. ரொட்டி மட்டும் வேகவைக்கிற பொருள் இல்லை, அதற்குப் பாக்கெட்டில் இருப்பதே சரி. இப்போது வாங்கும் ரொட்டியில் ஒரு துண்டுக்கு 15.
>
> கறி, முட்டை, மீன், கீரை, எண்ணெய் இவற்றை எடை போட வேண்டாம். அவற்றில் மாவுச்சத்து இல்லை அல்லது மிகக் குறைவு. என்ன சாப்பிட்டீர்கள் என்று பெயர் மட்டும் எழுதுங்கள். பொரித்தது என்றால் பொரித்தது என்று எழுதுங்கள்.
>
> தட்டில் மீதி வைத்தால் அதையும் எடை போடுங்கள். பிசைந்த சோறாக இருந்தால் சோறு என்றே வைத்துக் கழித்துவிடுங்கள். இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டால் தட்டை மெஷினில் வைத்து ஜீரோ அழுத்திவிட்டுப் போடச் சொல்லுங்கள். அம்மா கரண்டியோடு நின்றால் "ஒரு நிமிஷம்" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.
>
> முதல் வாய் வைத்த நேரத்தை எழுதுங்கள். அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து அல்ல.
>
> படுக்கும்முன் பால் குடித்தால் அது தனி வரி, தனி நேரம். அதில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் 4 கிராம் சேரும். தாழ்ந்ததற்காகக் குடித்த சர்க்கரைத் தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள், அது மருந்து. அதையும் தனி வரியில் எழுதுங்கள்.
>
> எடை போட மறந்த இரவில் கற்பனையாக எண் போட வேண்டாம். "அளக்கவில்லை" என்று எழுதுங்கள். அந்த வரியும் மருத்துவருக்குப் பயன்படும்.
>
> கடைசியாக ஒன்று. இந்த எண்ணைப் பார்த்து நீங்களாக ஊசியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இப்போதைக்கு இது எழுதி வைப்பதற்கு மட்டும்.

அப்பா கேட்ட ஒரே சந்தேகம் சில்லறை பற்றி. 14.4 என்று வந்தால் என்ன செய்வது? 14 என்று எழுதுங்கள் என்றேன். மொத்தத்தில் ஐந்து கிராம் முன்பின் இருந்தால் சர்க்கரையில் பெரிதாகத் தெரியாது. இருபது முப்பது பிசகினால்தான் தெரியும். அப்படிப் பிசகுவது சில்லறையால் அல்ல, கிண்ணத்தாலும், எழுதாமல் விட்ட இரண்டாம் கரண்டியாலும்.

ஒரு செவ்வாய் இரவு, வரிக்கு வரி

குறிப்பு போன இரண்டாம் நாள் நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

> 7.20 சாப்பாட்டுக்கு முன் 124. ஊசி 8.
> 7.30 முதல் வாய்.
> சோறு 190 கிராம் – 53
> பருப்பு 120 கிராம் – 14
> உருளை 80 கிராம் – 14
> மீன். பொரித்தது இல்லை.
> மீதி 40 கிராம் – கழிக்க 11
> மொத்தம் 70
> 9.30 சர்க்கரை 178.
> 10.10 பால் 150 மில்லி, சர்க்கரை 1 கரண்டி – 12

இதில் எனக்குப் பிடித்த வரி மீதி 40 கிராம். முதல் குறிப்பின்படி எழுதியிருந்தால் அது நோட்டில் வந்திருக்கவே வராது. தட்டில் போட்டது 81, வயிற்றுக்குள் போனது 70. பிறகு கடைசி வரியைப் பாருங்கள். 9.30க்கு 178 என்று பார்த்துவிட்டு, 10.10க்கு 12 கிராம் உள்ளே போகிறது. இதற்கு முன்னால் அப்பா சர்க்கரை பார்த்ததெல்லாம் படுக்கும் நேரத்தில், பால் குடித்துவிட்டு. அந்தப் பழைய எண்களில் சாப்பாட்டின் வேலை எது, பாலின் வேலை எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

14 இரவுகள்

இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்கு முன் பார்த்த அளவு பெரும்பாலும் 110க்கும் 140க்கும் நடுவில்தான் இருந்தது. ஆகவே இரவின் ஏற்ற இறக்கம் பகலிலிருந்து வந்தது இல்லை. ஊசி மாறவில்லை. மாறியது தட்டுதான். மாவுச்சத்து 55லிருந்து 70 வரை இருந்த ஏழு இரவுகளில் இரண்டு மணி நேரச் சர்க்கரை 132க்கும் 178க்கும் இடையில். 80ஐத் தாண்டிய நான்கு இரவுகளில் 205லிருந்து 248 வரை. 45க்குக் கீழே இருந்த இரவுகள் இரண்டு, அவற்றில் 84, 91. இன்னோர் இரவு இந்த வரிசையில் சேராதது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா "தினமும் ஒரே அளவுதான் சாப்பிடறேன்" என்று உறுதியாக நம்பியவர். அளந்து பார்த்தால் 42லிருந்து 94 வரை போயிருக்கிறது. கிண்ணம் ஒன்றுதான். அது நிரம்பிய விதம் வேறு வேறு.

சில இரவுகளை நிதானமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

ஓர் இரவு 61 கிராம்தான், ஆனால் இரண்டு மணி நேரம் கழித்து 241. அப்பா கணக்கில் தவறு தேடி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். போனில் கேட்டபோது, அம்மாவுக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே வந்து குத்திப் பார்த்ததாகச் சொன்னார். விரல் நுனியில் ஒட்டியிருக்கும் பழச்சாறு போதும், குளுக்கோமீட்டர் அதையும் சேர்த்துப் படிக்கும். கை கழுவிவிட்டுப் புது ஸ்ட்ரிப்பில் பார்த்தால் 158. நம்ப முடியாத எண் வந்தால் முதலில் கையைக் கழுவிவிட்டு இன்னொரு முறை பார்ப்பது என்று அன்றே நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டார். அதோடு, 158க்கும் 170க்கும் வித்தியாசம் தேடுவதையும் நிறுத்தச் சொன்னேன். குளுக்கோமீட்டருக்கான ஐஎஸ்ஓ தரமே 100க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதிக்கிறது.

இரண்டாவது, 84 வந்த இரவு. அன்று சாப்பாடு 42 கிராம், சாயங்காலம் வழக்கத்தைவிட அதிக தூரம் நடந்திருக்கிறார். 9.30க்கு 84 பார்த்ததும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. வேக இன்சுலின் இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடாது. மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் வரை அதன் வேலை தொடரும். ஊசியின் வேலை மீதி இருக்கிறது, ஆனால் சாப்பாட்டில் இருந்த கொஞ்ச மாவுச்சத்து ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். 10.30க்கு 64. டப்பாவில் இருந்த 15 கிராம் சர்க்கரையைக் கலந்து குடித்தார். 10.45க்கு 92. நோட்டில் அது தனி வரியாக, "மருந்து" என்ற சொல்லோடு இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் 100க்குக் கீழே இருந்தால் படுக்கும்முன் இன்னொரு முறை பார்ப்பது என்று குறிப்பில் அடுத்த நாளே ஒரு வரி சேர்த்தேன். அது முதலிலேயே இருந்திருக்க வேண்டிய வரி.

வரிசையில் சேராத அந்த ஓர் இரவு, பொரித்த உணவு சாப்பிட்டது. மாவுச்சத்து 62, இரண்டு மணி நேரத்தில் 148. பார்த்தால் அருமையான எண். ஆனால் மறுநாள் காலை 212. கொழுப்பு அதிகமாக இருந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும். மாவுச்சத்து ரத்தத்துக்கு வந்து சேரும் நேரத்தில் ஊசியின் வேகம் குறைந்திருக்கும். மாவுச்சத்துக் கணக்கு மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. "பொரித்தது" என்ற அந்த ஒரு சொல் நோட்டில் இருந்ததால்தான் காலை 212க்கு ஒரு காரணம் கிடைத்தது.

மருத்துவர் செய்தது

நோட்டை அவர் ஐந்து நிமிடம் படித்தார். ஊசியை மாற்றவில்லை. 8 யூனிட்டுக்கு உங்களுக்கு ஏறத்தாழ 60 கிராம் பொருந்துகிறது, ஆகவே சாப்பாட்டை 60க்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள் என்றார். அப்பாவின் தட்டில் அது சோறு 170 கிராம், பருப்பு 100 கிராம். கிழங்கு வேண்டும் என்றால் சோற்றில் குறைத்துக்கொள்வது. இது அப்பாவின் நோட்டிலிருந்து வந்த எண், இன்னொருவருக்கு எடுத்துக்கொடுக்க முடியாது. ஒருவருக்கு ஒரு யூனிட் 7 கிராமைச் சமாளிக்கும், இன்னொருவருக்கு 15 கிராமை. படுக்கும்முன் குடிக்கும் பாலில் சர்க்கரையை மட்டும் விடச் சொன்னார். பால் இருக்கட்டும் என்றார்.

தட்டுக்கு ஏற்ப ஊசியை மாற்றும் முறைக்கு அப்பா போகலாமா என்று கேட்டேன். இன்னும் இரண்டு மாதம் இதே நோட்டு வரட்டும், அளப்பது கைக்குப் பழகட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றார். 166 கதையை அவரிடம் சொன்னேன். அதற்காகத்தான் அவசரப்படவில்லை என்றார்.

இப்போது ஆறு வாரம் ஆகிறது. வாரத்தில் ஒருநாள் நோட்டைப் படமெடுத்து அனுப்புகிறார். போன வாரம் வந்த படத்தில் சோற்றுக்குப் பக்கத்தில் 28 அடிக்கப்பட்டு 26 என்று இருந்தது. தவறாக எழுதிவிட்டாரோ என்று போன் செய்தேன். புது அரிசி வாங்கியிருக்கிறார்கள், அது தண்ணீர் கூடக் கேட்கிறதாம். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு 200 கிராம் அரிசியை வைத்து, பானையோடு எடை போட்டு, பானையைக் கழித்திருக்கிறார். சோறு 610 கிராம் வந்திருக்கிறது.

"158ஐ 610ஆல வகுத்தா 26 தானப்பா வரும்" என்றார்.

போட்டுப் பார்த்தேன். 25.9.